ஆறு டம்ளர் தண்ணீர்

ஐப்பசி அடைமழைக்கு ஒரு மாதம் முன்பு, பாரிமுனையில் குடையும் ரெயின்கோட்டும் விற்கும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டு அனுப்பினார். சிறு வியாபாரிகள் இணையத்தில் சரக்கு விற்கும்போது, படத்துக்குக் கீழே வரும் விவரக் குறிப்பை எழுதிக் கொடுப்பது என் தொழில்களில் ஒன்று. கடையின் பின்கட்டில் ஒரு கோணிச் சாக்கைக் காட்டினார். போன மழைக்காலத்தில் திரும்பி வந்தவை எல்லாம் அதற்குள் இருந்தன. பல பொட்டலங்களில் வாடிக்கையாளர் எழுதிய காரணம் ஒட்டியிருந்தது. "பேன்ட்டு நனைஞ்சிடுச்சு." "குடை சின்னதா இருக்கு." "பையில நுழையல."

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கிழிந்த சரக்கு அநேகமாக இல்லை. கம்பி முறிந்த குடை இரண்டோ மூன்றோதான் இருந்தன. மற்றதெல்லாம் அதனதன் விலைக்குத் தகுந்த நல்ல சரக்கு. அதைப் பற்றி எழுதிய குறிப்புதான் தவறாக இருந்தது. நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப், விட்டம் 117 செ.மீ., இருவருக்குப் போதுமானது, மடித்தால் 25 செ.மீ. என்று மொத்த வியாபாரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அப்படியே இறக்கி ஏற்றியிருந்தார்கள்.

"அண்ணே, ஒரு குடையும் ஒரு செட் ரெயின்கோட்டும் கொடுங்க. ரெண்டு நாள் கழிச்சு எழுதித் தர்றேன்" என்றேன். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தையல் டேப்பு, சமையலறைத் தராசு, ஒரு பிவிசி குழாய் ஆகியவற்றோடு நான் செய்ததைத்தான் இங்கே சொல்கிறேன். விற்பவருக்கும் பயன்படும், வாங்குபவருக்கும் பயன்படும்.

முதலில் குடை. மூன்று மடக்கு, எட்டுக் கம்பி, "23 இஞ்ச்" என்று அட்டையில் போட்டிருந்தது. குடை வியாபாரத்தில் இந்த இஞ்ச் எதைக் குறிக்கிறது என்று வாங்குபவர்களில் பலருக்குத் தெரியாது. அது குடையின் அகலம் இல்லை. ஒரு கம்பியின் நீளம்: உச்சியில் கம்பி தொடங்கும் இடத்திலிருந்து நுனிக் குமிழ் வரை. 23 இஞ்ச் என்றால் சுமார் 58.4 செ.மீ. இதை இரண்டால் பெருக்கினால் 117 செ.மீ. வருகிறது. குறிப்பில் இருந்த "விட்டம்" பிறந்த இடம் அதுதான்.

ஆனால் விரித்த குடை தட்டையாக இருப்பதில்லை, கவிழ்த்த கிண்ணம் போல வளைந்திருக்கிறது. 117 என்பது அந்த வளைவின் மேலேயே டேப்பை ஓட்டினால் கிடைக்கும் நீளம். நம் தலைக்கு மேல் மழையை மறைப்பது வளைவின் நீளம் இல்லை, நேர் அகலம். குடையை விரித்துத் தரையில் கவிழ்த்து, ஒரு நுனியிலிருந்து எதிர் நுனிக்கு டேப்பை நேராக இழுத்துப் பிடித்தேன். 102 செ.மீ. இருந்தது. அதோடும் முடியவில்லை. எட்டுக் கம்பிக் குடை வட்டம் இல்லை, எண்கோணம். இரண்டு நுனிகளுக்கு நடுவே துணியின் ஓரம் உள்பக்கம் குழிந்து போகிறது. குழிந்த இடத்திலிருந்து எதிரே குழிந்த இடம் வரை அளந்தால் 90 செ.மீ.தான்.

பரப்பாகப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். 117 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஒரு சதுர மீட்டரைத் தாண்டும். 102 செ.மீ. எண்கோணம் முக்கால் சதுர மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. வளர்ந்த ஒருவரின் தோள் அகலம் சுமார் 45 செ.மீ. என்று வைத்தால், இரண்டு பேர் ஒட்டி நின்றாலே 90 ஆகிவிடுகிறது. வெளிப்பக்கத் தோள்கள் இரண்டும் சரியாகத் துணி ஓரத்துக்குக் கீழே, அதாவது வழிகிற நீருக்குக் கீழே இருக்கும். இருவருக்குப் போதுமானது என்று எழுத இந்தக் குடையில் இடமில்லை. "ஒருவருக்கும், அவர் தோளில் மாட்டிய பைக்கும் போதும்" என்று எழுதினேன். பெரியவரும் சிறு பிள்ளையும் சேர்ந்து நடந்து பார்த்தோம், சரியாக இருந்தது. அதையும் சேர்த்தேன்.

அளவை எழுதும்போது மூன்று எண்ணையும் போடுவதுதான் நேர்மை என்பது என் முடிவு. கம்பி 58 செ.மீ.; விரித்தால் நுனிக்கு நுனி நேராக 102; துணி குழிந்த இடத்தில் 90. கம்பி நீளத்தை விட்டுவிட முடியாது, ஏனென்றால் கடையில் எல்லோரும் 21, 23, 25 என்று அதை வைத்துத்தான் கேட்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். ஆனால் எந்த எண் எங்கிருந்து எங்கே வரை அளந்தது என்று பக்கத்திலேயே எழுதியாக வேண்டும். "அளவு 117 செ.மீ." என்று மொட்டையாக எழுதினால், கணக்கில் தவறில்லாத அந்த எண்ணே படிப்பவரை ஏமாற்றிவிடும்.

அடுத்தது மடித்த அளவு. குறிப்பில் 25 செ.மீ. சாக்கில் திரும்பி வந்த குடையோடு இருந்த சீட்டில் "பையில நுழையல" என்று எழுதிய அம்மாவின் கைப்பை 27 செ.மீ. நீளம் இருக்கலாம், 28 இருக்கலாம். 25 என்று நம்பி வாங்கியிருப்பார். நான் அளந்தபோது உறையோடு, கைப்பிடியின் அடியிலிருந்து உச்சிக் கொண்டை வரை 31 செ.மீ. இருந்தது. 25 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். கைப்பிடியைக் கழித்து, சுருட்டிய துணியை மட்டும் அளந்தால் 25 வந்தது. கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு யாரும் குடையைப் பைக்குள் போட முடியாது.

மடித்த அளவில் இன்னொரு நுணுக்கம் உண்டு. புதுக் குடை தொழிற்சாலையில் மடிப்பு மடிப்பாக நீவி இறுக்கிச் சுருட்டியது. அதன் குறுக்களவு 5 செ.மீ. இருந்தது. ஒருமுறை நனைத்து, உதறி, நாமே கையால் சுருட்டிப் பட்டியைப் போட்டபோது ஆறரை ஆனது. வாங்கியவர் வாழ்நாள் முழுக்கத் தூக்கப்போவது இந்த ஆறரையைத்தான். ஆகவே நான் எழுதுவது எப்போதும் இரண்டாவது அளவை: "ஒருமுறை பயன்படுத்திக் கையால் சுருட்டிய பின் 31 செ.மீ. நீளம், ஆறரை செ.மீ. தடிமன்." எடை உறையோடு 370 கிராம். எடையையும் எழுத வேண்டும். தினமும் பேருந்தில் போகிற ஒருவருக்கு நீளத்தைவிட அது முக்கியமாக இருக்கலாம்.

குடை நீர்புகாததா? இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. முதலில் இரண்டு வேறு வேறு குணங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, நீர் துணியின் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடுவது. தாமரை இலையில் ஓடுவது போல. இது துணியின் மேற்பரப்பில் ஏற்றிய ஒரு பதத்தால் வருவது, நாள்பட்டால் தேய்ந்துபோகும். இதை அளக்க ஆய்வகங்களில் ஒரு சோதனை உண்டு. துணியை 45 பாகை சாய்த்து வைத்து, மேலிருந்து 250 மி.லி. தண்ணீரைப் பூவாளி போலத் தூவி, எவ்வளவு நனைந்தது என்று பார்த்து 100, 90, 80 என்று மதிப்பெண் கொடுப்பார்கள். மற்றொன்று, நீர் அழுத்தினாலும் துணியின் ஊடே மறுபக்கம் வராமல் தாங்குவது. இதற்குத் துணியின் ஒரு பக்கம் பூச்சு வேண்டும். முதல் குணம் மட்டும் உள்ளதை நீர்விலக்கும் துணி என்றும், இரண்டாவது உள்ளதை நீர்தாங்கும் துணி என்றும் சொல்லலாம். கடைப்பேச்சில் இரண்டும் வாட்டர்ப்ரூஃப்தான். புகார்களில் பெரும்பாதி இந்த ஒரே சொல்லிலிருந்து கிளம்புகிறது.

குடைக்கு முதல் குணமே பெரும்பாலும் போதும். துணி இழுத்துக் கட்டிச் சாய்வாக இருப்பதால், விழும் நீர் தங்காமல் வழிந்துவிடும். ஆனால் நெசவு இளகலாக இருந்து பூச்சும் இல்லாவிட்டால், கனமழையில் துளிகள் மோதும் வேகத்தில் உடைந்து நுண்ணிய தூவானமாக உள்ளே இறங்கும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு இது உடனே தெரியும். கண்ணாடியில் பனி படிந்தது போல் ஆகிவிடும். இதைச் சோதிக்கக் குளியலறை ஷவர் போதும். குடையை விரித்து ஷவருக்குக் கீழே பிடித்து, உள்ளே ஒரு செய்தித்தாளை விரித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். தாளில் நுண்புள்ளிகள் விழவில்லை. ஆனால் இரண்டு துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த கோட்டின் கீழே நான்கைந்து சொட்டுகள் விழுந்திருந்தன. தையல் இருக்கும் இடத்தில் ஊசித்துளை இருக்கும். ஊசித்துளை இருந்தால் சொட்டு வரும். அது குறையில்லை, குடையின் இயல்பு. ஆனால் அதைச் சொல்லாமல் நூறு சதவீதம் என்று எழுதினால், அந்த நான்கு சொட்டும் குறையாகிவிடும்.

துணியின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்டையில் "190டி பாலியெஸ்டர்" என்று இருந்தது. 190டி என்பது ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையும் சேர்த்து எத்தனை இழைகள் என்ற கணக்கு. எண் கூடினால் நெசவு நெருக்கம். அவ்வளவுதான். நீர் தாங்கும் தன்மையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இதே 190டி துணியில் பூச்சு ஏற்றியதும் உண்டு, ஏற்றாததும் உண்டு. விவரம் தெரியாதவர்கள் "190டி வாட்டர்ப்ரூஃப்" என்று சேர்த்து எழுதும்போது, அந்த எண் ஏதோ நீர்ச்சோதனையின் முடிவு போலத் தோன்றிவிடுகிறது.

இனி ரெயின்கோட். நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். குடையில் நாலு சொட்டு விழுந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கொட்டுகிற மழையில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி அலுவலகம் போகிறவருக்கு, உட்காருமிடத்தில் ஈரம் ஏறினால் அன்றைய நாளே பாழ்.

கோட்டும் பேன்ட்டுமாக ஒரு செட். பாலியெஸ்டர் துணி, உட்புறம் மெல்லிய பளபளப்பான பூச்சு. பூச்சு பியூ எனப்படும் பாலியூரித்தேனா, பிவிசியா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதில் நான் நம்பிக்கை வைப்பதில்லை. பொதுவாக பிவிசி கனமாகவும் ரப்பர் விரிப்பு போலவும் இருக்கும், புதிதில் ஒரு வாடை வரும். பியூ மெல்லியது, மடங்கக்கூடியது. ஆனால் ஈரத்தோடு மடித்து மாதக்கணக்கில் வண்டிப் பெட்டிக்குள் அடைத்து வைத்தால், நம் ஊர் வெக்கையிலும் புழுக்கத்திலும் பியூ பூச்சு சிதைந்து பிசுபிசுத்து, தோல் உரிவது போல உரியும். எந்தப் பூச்சு என்று துணி வாங்கிய பில்லைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அண்ணன் பில்லைத் தேடி எடுத்தார், பியூ என்றிருந்தது. "நனைந்தால் நிழலில் உலர்த்திய பிறகே மடிக்கவும், ஈரத்தோடு வைத்தால் பூச்சு உரியும்" என்ற வரி அதனால் குறிப்புக்குள் வந்தது. பில் கிடைக்காதிருந்தால் "உட்புறம் பூச்சு உண்டு" என்பதோடு நிறுத்தியிருப்பேன்.

ரெயின்கோட்டில் நீர் நுழைய மூன்று வழிகள் உண்டு: துணி, தையல், திறப்புகள். திறப்பு என்றால் கழுத்து, கை நுனி, முன்பக்க ஜிப். விற்பவர்கள் வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லும்போது துணியை மட்டுமே சொல்கிறார்கள். வாங்குபவர் முழு உடையையும் நினைத்துக்கொள்கிறார்.

துணி எவ்வளவு தாங்கும் என்பதை நீர்த்தூணின் உயரத்தால் அளப்பது வழக்கம். 1500 மி.மீ., 3000 மி.மீ. என்று சில கோட்டுகளில் பார்த்திருப்பீர்கள். துணியின் மேல் அத்தனை உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் தரும் அழுத்தத்தை அது தாங்கும் என்று பொருள். ஐஎஸ்ஓ 811 என்ற சோதனை முறையில், அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போய், துணியின் மறுபக்கத்தில் மூன்றாவது இடத்தில் துளி தோன்றும்போது எண்ணைக் குறிப்பார்கள். கோயம்புத்தூரில் உள்ள சிட்ரா போன்ற ஜவுளி ஆய்வகங்களுக்குத் துணியை அனுப்பி இப்படிச் சோதித்து வாங்கலாம். அந்தச் சான்று கையில் இல்லாமல் ஒரு எண்ணைக் குறிப்பில் போடக் கூடாது.

சரி, எவ்வளவு வேண்டும்? விழுகிற மழையின் அழுத்தம் பெரிதில்லை. உண்மையான அழுத்தம் நம் உடம்பின் கனத்தால் வருவது. 60 கிலோ எடையுள்ளவர் ஸ்கூட்டரில் உட்காருகிறார். காலிலும் கையிலும் போகிறது போக 50 கிலோ இருக்கையில் இறங்குகிறது என்று வைப்போம். இருக்கையில் படும் பரப்பு சுமார் 800 சதுர செ.மீ. வகுத்தால் ஒவ்வொரு சதுர செ.மீ.லும் 60 கிராமுக்குச் சற்று மேல். ஒரு சதுர செ.மீ. மேல் 60 கிராம் தண்ணீர் நிற்க வேண்டுமானால் அது 60 செ.மீ. உயரம் நிற்க வேண்டும். அதாவது 600 மி.மீ. நீர்த்தூண். எலும்பு அழுந்தும் இடங்களில் இன்னும் கூடும். ஈரமான இருக்கையில் உட்கார்ந்தவரின் பேன்ட்டுக்கு வருகிற சோதனை இதுதான்.

இதை வீட்டிலேயே உரசிப் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். இரண்டு அங்குல பிவிசி குழாய், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீளம். உள்விட்டம் சுமார் 5 செ.மீ. அதன் வாயில் துணியை, வெளிப்புறம் தண்ணீர் படும்படி வைத்து, மேலே ரப்பர் பட்டை சுற்றி, ஹோஸ் கிளிப் போட்டு முறுக்கிவிட்டால், துணியே அடைப்பாகிவிடும். குழாயை நிமிர்த்திச் சுவரோடு கட்டி, மேலிருந்து தண்ணீர் ஊற்றினேன். இந்தக் குழாயில் 200 மி.லி. டம்ளர் ஒன்று ஊற்றினால் நீர் மட்டம் ஏறக்குறைய 10 செ.மீ. உயரும். ஆறு டம்ளர் ஊற்றினால் 60 செ.மீ. ஸ்கூட்டரில் உட்கார்ந்தவரின் கனம் அதுதான்.

கோட்டின் துணியில் தையல் இல்லாத இடத்தை முதலில் கட்டினோம். ஆறு டம்ளர். ஒன்றுமில்லை. எட்டு. பத்து. ஒரு மீட்டர் தண்ணீரோடு பத்து நிமிடம் விட்டு, அடியில் டிஷ்யூ தாளை ஒற்றிப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. நல்ல துணி. அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்து கோட்டின் தோள் தையல். உள்ளே புரட்டிப் பார்த்தால் தையல் கோட்டின் மேல் ஒளிபுகும் டேப்பு ஒன்றைச் சூடேற்றி ஒட்டியிருந்தார்கள். ஊசித்துளைகளை அடைக்கிற டேப்பு அதுதான். அதுவும் தாங்கியது. பிறகு பேன்ட்டை உள்வெளியாகப் புரட்டினேன். கவட்டில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் வந்து கூடுகின்றன. டேப்பு இல்லை. அந்த முடிச்சைக் குழாய் வாயின் நடுவில் வருகிற மாதிரி கட்டினோம். ஒரு டம்ளர் ஊற்றினேன், ஒன்றுமில்லை. இரண்டாவது டம்ளர் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே கீழே ஒரு முத்து துளிர்த்தது. அது விழுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது டம்ளரில் நூல் பிடித்தது போலச் சொட்டத் தொடங்கிவிட்டது.

"அட, இதுதானா!" என்றார் அண்ணன். சாக்கில் இருந்த "பேன்ட்டு நனைஞ்சிடுச்சு" சீட்டுகளை எடுத்து மறுபடி படித்தார். வண்டியில் உட்காரும்போது மடியில் குளம் கட்டுகிற நீர் இறங்குவது அந்த முடிச்சுக்குத்தான். மேலே குளம், கீழே ஈர இருக்கை. இரண்டு டம்ளர் தாங்கும் தையலுக்கு ஆறு டம்ளர் வேலை.

இந்தக் குழாய்ச் சோதனை ஆய்வகச் சான்றுக்கு ஈடாகாது. கிளிப் ஓரத்தில் கசிந்தால் அதைத் துணியின் கசிவு என்று எண்ணிவிட வாய்ப்புண்டு, துணியின் சிறு துண்டைத்தான் அது பார்க்கிறது. அதனால் "1000 மி.மீ. தாங்கும்" என்று நான் எழுதவில்லை. எங்கே கசியும் என்று கண்டுபிடிக்கத்தான் அது உதவும். அதற்கு மிக நன்றாகவே உதவும்.

திரும்பி வந்தவற்றில் எல்லாமே கசிவு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பூச்சுத் துணி வியர்வையை வெளியே விடாது. சென்னையில் மழை பெய்யும்போதும் புழுக்கம் குறைவதில்லை. ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் முதுகும் முழங்கை மடிப்பும் ஈரமாகிவிடும், வாங்கியவர் மழை புகுந்துவிட்டது என்று நினைப்பார். இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். வியர்வை பரவலாக, ஓரம் தெரியாமல் ஈரமாக்கும். கசிவு தையல் கோட்டிலோ ஜிப் கோட்டிலோ தொடங்கி, உள் சட்டையில் ஒரு வரியாகத் தெரியும். "இத்துணி காற்றுப் புகாதது, நீண்ட பயணத்தில் உள்ளே வியர்க்கும்" என்று ஒரு வரி எழுதிவிட்டால், வாங்குபவர் உள்ளே மெல்லிய சட்டை போட்டுக்கொள்வார்.

அளவில் வேறு ஒரு சிக்கல். எக்ஸ்எல், மார்பு 49 என்று குறிப்பில் இருந்தது. அது ஆளின் மார்பா, உடையின் மார்பா? கோட்டை மேசையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்தேன். 62 செ.மீ. இரண்டால் பெருக்கினால் 124, அதாவது சுமார் 49 அங்குலம். ஆகவே அது உடையின் அளவு. சட்டைக்கு மேல் போட்டுக் கையை முன்னால் நீட்டி வண்டி ஓட்ட, உடம்பைவிடக் கோட்டு 18 முதல் 20 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். எனவே இந்தக் கோட்டு ஏறக்குறைய 41 அங்குல மார்பு உள்ளவருக்குப் பொருந்தும். 46 அங்குல மார்புள்ள ஒருவர் 49 என்று பார்த்து நிம்மதியாக வாங்கிவிட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்ததும் முதுகு இறுக்கித் தையல் பிரிந்து திருப்பி அனுப்புவார். "உடையின் சுற்றளவு 124 செ.மீ.; உங்கள் மார்புச் சுற்றளவு 104 வரை இருந்தால் வசதியாக இருக்கும்" என்று இரண்டையும் எழுதினேன். பையை முதுகில் மாட்டி அதற்கு மேல் கோட்டுப் போடுகிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. அவர்கள் ஒரு அளவு பெரிதாக வாங்கச் சொல்லி ஒரு வரி.

கடையில் வேலை செய்யும் தம்பியை அந்த செட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற ஸ்கூட்டரில் உட்காரச் சொன்னேன். நிற்கும்போது மணிக்கட்டை மூடியிருந்த கை, ஹேண்டில்பாரைப் பிடித்ததும் 6 செ.மீ. பின்னால் போனது. கணுக்காலுக்குக் கீழே தொங்கிய பேன்ட்டு, முட்டியை மடக்கியதும் 9 செ.மீ. மேலேறி ஷூவின் வாயைத் திறந்து காட்டியது. நீளத்தை நின்று அளந்தது, உட்கார்ந்து அளந்தது என்று இரண்டாகக் கொடுக்க வேண்டும் என்பதை அந்தத் தம்பி உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில்தான் கற்றுக்கொண்டேன். இன்றுவரை அதை விடுவதில்லை.

மடித்த அளவு ரெயின்கோட்டிலும் தடுக்கி விழ வைக்கும். குறிப்பில் 35, 28, 6 செ.மீ. என்று போட்டிருந்தார்கள். அது கூரியர் பொட்டலத்தின் அளவு. கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.ரில் பெருக்கி 5000-ஆல் வகுத்துக் கொள்ளளவு எடை போடுவார்கள், அதற்காகக் கொடுக்கிற அளவு அது. பொருளின் அளவு என்ற கட்டத்தில் அதையே நிரப்பியிருந்தார்கள். உடையோடு வரும் பை 30-க்கு 24 செ.மீ. தொழிற்சாலை மடிப்பில் தடிமன் 5. நாங்கள் நனைத்து உதறி மறுபடி மடித்து அடைத்தபோது 9. தலைக்கவசம் வைத்த ஸ்கூட்டர் பெட்டியில் 5 செ.மீ.ருக்கு இடம் இருக்கும், 9-க்கு இருக்காது. அந்த 9-ஐத்தான் எழுதினேன்.

எழுதி முடித்ததைப் படித்துக் காட்டினேன். பேன்ட்டு வரி வந்தபோது அண்ணன் கையை உயர்த்தினார். "மேல் கோட்டின் தையல்களில் டேப்பு உண்டு. பேன்ட்டின் கவட்டுத் தையலில் டேப்பு இல்லை, ஈரமான இருக்கையில் நீண்ட நேரம் உட்கார்ந்தால் அந்த இடத்தில் நனையும்" என்பது அந்த வரி.

"தம்பி, இப்படி நாமளே எழுதினா எவன் வாங்குவான்?"

"எழுதாட்டி வாங்குவாங்கண்ணே. வாங்கிட்டுத் திருப்பி அனுப்புவாங்க. நீங்க மாட்டேன்னு சொல்லவும் முடியாது."

அது சட்டம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை சரக்கில் இல்லையென்றால், திருப்பி எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்கக் கூடாது. விளம்பரம் சரக்கின் உண்மையான தன்மைக்கு ஒத்திருக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. வாங்கியவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். "நூறு சதவீதம்" என்ற இரண்டு சொல்லை எழுதிய மாத்திரத்தில், ஒவ்வொரு ஊசித்துளைக்கும் விற்பவர் பொறுப்பாகிவிடுகிறார்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த பேன்ட்டைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அதைத் தைத்துக் கொடுக்கும் யூனிட்டுக்குப் போனார். டேப்பு ஒட்டும் இயந்திரம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, கோட்டுக்கு ஒட்டுகிறார்களே. பேன்ட்டுக்கும் ஒட்டினால் செட்டுக்குக் கொஞ்சம் கூலி கூடும், நான்கு தையல் கூடும் இடம் மேடாக இருப்பதால் டேப்பு படியாது, அங்கே தனியாக ஒரு வட்டத் துண்டு வைத்து அழுத்த வேண்டும் என்றார்களாம். மாதிரிக்கு ஒன்று செய்து வாங்கி வந்தார்.

மறுநாள் காலை அதைக் குழாயில் கட்டினோம். இந்த முறை டம்ளரை அண்ணனே பிடித்துக்கொண்டார். மூன்று, நான்கு, ஐந்து என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஊற்றினார். ஆறில் நிறுத்தி, கீழே குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. ஏழும் தாங்கியது. எட்டாவது டம்ளரில் வட்டத் துண்டின் ஓரத்தில் ஒரு முத்து எட்டிப் பார்த்தது.

"இதையும் எழுதணுமா தம்பி?" என்று கேட்டார். கேட்கும்போதே பேனாவை என் பக்கம் நகர்த்தினார். பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்: "பேன்ட்டின் கவட்டுத் தையலிலும் டேப்பு உண்டு. எங்கள் கடையில் ஈர இருக்கைக்கு ஈடான நீர் அழுத்தத்தில் சோதித்தபோது கசியவில்லை. அதைவிட அதிக அழுத்தத்தில் தையல் கூடும் இடத்தில் கசிந்தது. ஆய்வகச் சான்று பெறவில்லை."